வியாழன் மாலை விளையாட்டு: நூலக அறிவிப்பு எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பதின்வயதுப் பிள்ளைகளும் பணி ஓய்வு பெற்றவர்களும் வாரம் ஒரு மாலை சேர்ந்து ஆடும் பலகை விளையாட்டுக் கூடலை ஒரு சமுதாய நூலகத்தில் தொடங்கி நடத்தியவன் நான். அதற்கான அறிவிப்பை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டும் ஏன் பலிக்கவில்லை என்பது மூன்றாவதை எழுதி முடித்த பிறகுதான் விளங்கியது. அதே வேலையைக் கையில் எடுப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அறிவிப்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

கதவருகே நின்றபடியே படித்து முடிக்கிற அளவுதான். நான் கடைசியில் ஒட்டியது இது:

> வியாழன் மாலை விளையாட்டு
> ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை 5 முதல் 6.30 வரை, நூலகத்தின் தரைத்தள வாசிப்பு அறையில்.
> 13 முதல் 19 வயது வரை உள்ளவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் ஒரே மேசையில் ஆடும் போர்டு கேம்கள். விளையாடத் தெரிந்திருக்க வேண்டாம், மேசையில் சொல்லித்தர ஆள் இருக்கும். தனியாகவும் வரலாம், நண்பரோடும் வரலாம். கட்டணம் இல்லை. உறுப்பினர் அட்டையோ முன்பதிவோ தேவையில்லை. 5.10-க்குள் வந்தால் முதல் ஆட்டத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். நூலகப் பணியாளர் ஒருவர் மாலை முழுவதும் அறையில் இருப்பார்.
> முதலில் ஆறு வாரங்கள். தொடங்கும் நாள்: ______. விவரம் கேட்க: முன்மேசை.

இதில் எந்த வரியை எடுத்தாலும் யாராவது ஒருவர் வராமல் போவார். 'தனியாகவும் வரலாம்' என்பது ஓய்வு பெற்றவருக்கு, 'நண்பரோடும் வரலாம்' என்பது பிள்ளைகளுக்கு. பணியாளர் இருப்பார் என்ற வரி இரண்டு தரப்புக்கும் இல்லை, அது பெற்றோருக்கு.

முதல் தடவை எழுதியதில் 'தலைமுறைகளை இணைக்கும் பாலம்', 'அனைவரும் வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்' எல்லாம் இருந்தது. எத்தனை மணிக்கு முடியும் என்பது மட்டும் இல்லை. பாலத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

'முதியோர்' என்று போடலாமா, 'மூத்த குடிமக்கள்' என்று போடலாமா?

இரண்டும் வேண்டாம். சமீபத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் தன்னை முதியவராக நினைப்பதில்லை. அந்தச் சொல்லைப் பார்த்ததும் 'இது நமக்கில்லை' என்று நகர்ந்துவிடுவார். எண்பதைத் தாண்டியவர்கள்கூட அதைத் தங்களைவிட மூத்த யாருக்கோ சொன்னதாக எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். 'பணி ஓய்வு பெற்றவர்கள்' என்பது வயதைத் தொடாமல் நிலையை மட்டும் சொல்கிறது. வீட்டை மட்டுமே கவனித்து வந்தவர்கள் 'நான் வேலைக்கே போகவில்லையே, வரலாமா?' என்று கேட்பார்கள். அதற்கு முன்மேசையில் இருப்பவர் தயங்காமல் 'வாங்க' என்று சொன்னால் போதும். அறிவிப்பில் விளக்கம் எழுதப் போனால் அது ஒரு பத்தியாக நீண்டுவிடும்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் தன்னைப் 'பதின்பருவத்தினர்' என்று சொல்லிக்கொள்வதில்லை. '13 முதல் 19 வயது' என்று எண்ணைப் போட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதுத் தம்பியைக் கூட்டி வரலாமா என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

தலைப்பில் 'பலகை விளையாட்டு' என்று எழுதவா, 'போர்டு கேம்' என்று எழுதவா?

தலைப்பில் இரண்டுமே வேண்டாம். 'பலகை விளையாட்டு' என்றால் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் நினைவுக்கு வருகிறது. 'போர்டு கேம்' என்றால் பெரியவர்களில் சிலருக்குச் சதுரங்கம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. வெறும் 'விளையாட்டு' என்று தலைப்பில் வைத்து, உள்ளே 'போர்டு கேம்' என்று ஒருமுறை சொல்லி, பக்கத்தில் மேசைமேல் விரித்து வைத்த ஓர் ஆட்டத்தின் படத்தைப் போட்டேன். படத்தில் ஆட்கள் இல்லை, கைகள் மட்டும். முகம் போட்டால் அந்த முகத்தின் வயதுக்காரர்களுக்கானது என்று மற்றவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

முடியும் நேரத்தை எதற்கு இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

பிள்ளைக்கு அதற்கப்புறம் வீட்டுப்பாடம் இருக்கிறது, அழைத்துப்போக யாராவது வர வேண்டும். ஓய்வு பெற்றவர்களில் பலர் இருட்டிய பிறகு தனியாகப் போக விரும்புவதில்லை. இரண்டு பேருக்கும் 'எப்போது முடியும்' என்பதுதான் 'எப்போது தொடங்கும்' என்பதைவிட முக்கியம். அறிவிப்பில் 6.30 என்று போட்டுவிட்டால் 6.30-க்கு மேசை காலியாக வேண்டும். ஒருமுறை ஆட்டம் சூடு பிடித்து 6.50 வரை இழுத்துவிட்டது. வெளியே காத்திருந்த ஓர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவருடைய மகள் வரவில்லை.

தொண்ணூறு நிமிடம் என்பது இப்படித்தான் கரையும்: முதல் பத்து நிமிடம் வந்து சேர, அப்புறம் இருபத்தைந்து நிமிடம் எல்லாரும் ஆடும் எளிய ஆட்டம், நாற்பத்தைந்து நிமிடம் கொஞ்சம் பெரிய ஆட்டம், கடைசிப் பத்து நிமிடம் எண்ணி அடுக்கி வைக்க. 5.40-க்கு மேல் புதிய பெரிய ஆட்டம் எதையும் தொடங்காதீர்கள்.

எந்த ஆட்டங்கள் இந்த இரண்டு வயதுக்கும் ஒத்துவரும்?

ஐந்து நிமிடத்துக்குள் சொல்லித்தர முடிய வேண்டும், முக்கால் மணிக்குள் முடிய வேண்டும், யாரும் நடுவில் ஆட்டத்தைவிட்டு வெளியேறக் கூடாது, கைவேகத்தால் ஜெயிப்பதாக இருக்கக் கூடாது. அட்டைகளில் பொடி எழுத்து இருந்தால் அதையும் தள்ளிவிடுங்கள். இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சியவற்றில் நான் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முதல் ஆறு வாரத்தையும் ஓட்டினேன்: ஜஸ்ட் ஒன், குவர்கில். நிறைய பெட்டிகளைப் பரப்பி வைத்தால் தேர்ந்தெடுப்பதிலேயே அரை மணி போகும். எது ஆடலாம் என்பதில் பிள்ளைகள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்று அப்போதே பிரிந்தும் விடுவார்கள்.

ஜஸ்ட் ஒன் ஆட்டத்தில் எல்லாரும் ஒரே அணி. ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும், அவருக்கு மட்டும் சொல் தெரியாது. மற்றவர்கள் ஒருவருக்கொருவர் காட்டாமல் ஆளுக்கு ஒரே ஒரு குறிப்புச்சொல் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே சொல்லை இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டையும் நீக்கிவிடுவார்கள். மிச்சமிருப்பதைப் பார்த்து அவர் ஒரே ஒரு விடை சொல்லலாம். பெட்டியில் இருக்கும் விதிப்படி மூன்று முதல் ஏழு பேர் வரை, ஓர் ஆட்டத்துக்குப் பதின்மூன்று சொற்கள். 2019-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருது வாங்கியது. வேற்றுமொழி அட்டை உங்களுக்கு உதவாது என்றால் சொற்களைத் தமிழில் சீட்டெழுதிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு டப்பாவில் ஐம்பது சீட்டு.

ஒரு சுற்றைச் சொல்கிறேன். சீட்டில் 'மழை'. நான்கு பேர் எழுதினார்கள்: குடை, மேகம், குடை, தவளை. இரண்டு குடையும் போனது. மேகமும் தவளையும் மட்டும் முன்னால். கண்டுபிடிக்க வேண்டியவர் ஒரு நிமிடம் முழித்துவிட்டு 'குளம்' என்றார். போச்சு! அடுத்த சீட்டு 'கடிதம்'. ஓய்வு பெற்ற ஒருவர் 'தபால்காரர்' என்று எழுதினார், இன்னொருவர் 'மை'. பதினாறு வயதுப் பையன் 'அன்புள்ள', பக்கத்தில் இருந்த பெண் 'உறை'. ஒன்றுகூட மோதவில்லை, விடை உடனே வந்தது.

இதைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தை இந்தக் கூடலுக்கு முதலில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரே வயதுக்காரர்கள் சேர்ந்து ஆடினால் ஒரே சொல் மனதுக்கு வருகிறது, குறிப்புகள் மோதி அழிகின்றன. வயது கலந்த மேசையில் அது குறைவு. கலந்து உட்கார்வதால் உண்மையிலேயே ஆதாயம் வருகிற ஆட்டம் இது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்து ஆட வேண்டியதில்லை.

தமிழில் ஆடும்போது ஒரு தகராறு நிச்சயம் வரும்: 'குடை' என்று ஒருவரும் 'குடைகள்' என்று ஒருவரும் எழுதினால் அது ஒரே சொல்லா? ஆமாம், ஒரே சொல்தான், இரண்டும் நீங்கும். வேற்றுமை உருபு சேர்ந்தாலும் அப்படியே. ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குவர்கில் பற்றிச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குக் கண் தெரியுமா அதெல்லாம்?

நியாயமான சந்தேகம்தான், ஆனால் சிக்கல் கட்டையின் அளவில் இல்லை, நிறத்தில். குவர்கிலில் 108 மரக்கட்டைகள்: ஆறு நிறம், ஆறு வடிவம், ஒவ்வொரு சேர்க்கையிலும் மூன்று. ஆளுக்கு ஆறு கட்டை கையில். மேசையில் இருப்பவற்றோடு ஒரே நிறம் அல்லது ஒரே வடிவம் வருமாறு வரிசையாகச் சேர்க்க வேண்டும், ஒரு வரிசையில் ஒரே கட்டை இரண்டு முறை வரக் கூடாது. மூன்று கட்டை வரிசை என்றால் மூன்று புள்ளி. ஆறும் நிரம்பிவிட்டால் ஆறுக்கு மேல் இன்னும் ஆறு, மொத்தம் பன்னிரண்டு. வைத்த கட்டை குறுக்கே இன்னொரு வரிசையையும் தொட்டால் அதற்கும் தனியாகப் புள்ளி. இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம்.

நிறம் என்றேனே, அது இப்படி: மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவது கடினம். நீலமும் ஊதாவும்கூட அப்படித்தான். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டையை எடுத்து விளக்குப் பக்கம் தூக்கிப் பார்ப்பார்கள், அல்லது வைத்த பிறகு பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். அதைப் பார்த்ததும் மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள் அல்லது வெள்ளை விளக்குக்குக் கீழே கொண்டுபோங்கள். நிறக்குருடு ஓரளவு உள்ள பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கு விளக்கு மட்டும் போதாது. ஆரஞ்சுக் கட்டைகளிலும் ஊதாக் கட்டைகளிலும் நிறமிருக்கும் முன்பக்கத்து மூலையில் அழியாத வெள்ளைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் குழப்பம் பெருமளவு குறையும். பின்பக்கம் வைத்தால் கையில் பிடித்திருக்கும்போதே எதிரே இருப்பவருக்கு என்ன நிறம் என்று தெரிந்துவிடும்.

சொல்லித்தரும்போது விதி முழுவதையும் வாசிக்காதீர்கள். முதல் சுற்றை எல்லாரும் கட்டைகளைத் திறந்து வைத்து ஆடட்டும், புள்ளி எழுத வேண்டாம். இரண்டாம் சுற்றிலிருந்து மறைத்துக்கொண்டால் போதும்.

சதுரங்கப் பலகை ஏற்கெனவே நான்கு இருக்கிறதே, அதை வைத்தே ஆரம்பிக்கலாமே?

சதுரங்கக் கழகம் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் சரி. இந்த மாலைக்கு அது பொருந்தாது. இருவர் மட்டும் ஆடுவது, பேச்சு இருக்காது, கொஞ்சம் பழகியவர் பழகாதவரை ஒவ்வொரு தடவையும் வெல்வார். மூன்று வாரத்தில் தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். பலகைகள் அலமாரியிலேயே இருக்கட்டும், சீக்கிரம் வந்துவிட்டவர்கள் எடுத்து ஆடட்டும்.

முதல் நாள் பிள்ளைகள் ஒரு மூலையிலும் பெரியவர்கள் ஒரு மூலையிலும் உட்கார்ந்துவிட்டால்?

உட்காருவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். நாற்காலிகளை நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது.

எங்கள் முதல் மாலையில் பதினொரு பேர்: ஓய்வு பெற்றவர்கள் ஏழு, பிள்ளைகள் நான்கு. மேசைக்கு நான்கு பேர் என்று கணக்குப் போட்டு மூன்று மேசையாகப் பிரிக்க இருந்தேன். அப்படிப் பிரித்தால் பிள்ளைகள் 2, 1, 1 என்று விழுவார்கள், இரண்டு மேசையில் ஒரு பிள்ளை மட்டும் பெரியவர்கள் நடுவே தனியாக. அறிமுகமில்லாத மூன்று பெரியவர்களோடு தனியாக உட்கார்ந்த பிள்ளை மறுவாரம் வராது. என்னிடம் எழுதி வைத்த விதி ஒன்றே ஒன்றுதான்: எந்த மேசையிலும் எந்தத் தரப்பிலும் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. அதனால் இரண்டு மேசைதான் போட்டேன். ஒன்றில் இரண்டு பிள்ளைகளும் மூன்று பெரியவர்களும், இன்னொன்றில் இரண்டு பிள்ளைகளும் நான்கு பெரியவர்களும். ஜஸ்ட் ஒன் ஏழு பேர் வரை தாங்கும், ஆகவே சிக்கலில்லை.

சேர்ந்து வந்த நண்பர்களைப் பிரிக்கவில்லை, ஆனால் எதிரெதிரே உட்காரவைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்குள்ளேயே பேச்சு முடிந்துவிடும். எதிரே இருந்தால் நடுவில் இருப்பவரும் பேச்சுக்குள் வந்துவிடுவார்.

இரண்டாவது ஆட்டத்துக்குக் குவர்கில் எடுத்தபோது நான்கு பேருக்கு மேல் ஒரு பெட்டியில் ஆட முடியாது. எங்களிடம் இருந்தது இரண்டு பெட்டி, ஆக எட்டு இடம். மிச்சம் மூன்று பெரியவர்கள் ஜஸ்ட் ஒன்னைத் தொடர்ந்தார்கள். அதுவரை முகம் பழகியிருந்ததால் யாருக்கும் ஒதுக்கப்பட்ட எண்ணம் வரவில்லை. இதையே முதல் ஆட்டத்தில் செய்திருந்தால் வந்திருக்கும்.

'பெரியவர்களின் அனுபவத்தைப் பிள்ளைகள் பெறட்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார் எங்கள் தலைவர். சேர்க்கலாமா?

பணிவாக மறுத்துவிடுங்கள். அந்த வரியைப் படிக்கிற பிள்ளைக்கு அறிவுரை கேட்கப் போகிறோம் என்றுதான் படும். விளையாட வந்த பெரியவருக்கும் பாடம் நடத்தும் பொறுப்பு வந்துவிடும். 'பிள்ளைகள் பெரியவர்களுக்குப் புதிய ஆட்டம் கற்றுத்தருவார்கள்' என்று திருப்பிப் போட்டாலும் அதே பிசகுதான். இருவரும் விளையாட வருகிறார்கள் என்பது போதும்.

பெற்றோர் என்ன கேட்பார்கள்?

அறிமுகமில்லாத பெரியவர்களோடு பிள்ளையை விடுவதைப் பற்றித்தான் கேட்பார்கள், கேட்க வேண்டும். அறை எது, கதவு திறந்திருக்குமா, பொறுப்பில் யார் என்று முன்மேசையில் இருப்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் பின்பற்றியவை: கதவு திறந்தே இருக்கும், முன்மேசையிலிருந்து பார்த்தால் மேசைகள் தெரியும், சம்பளப் பட்டியலில் உள்ள பணியாளர் ஒருவர் அறையைவிட்டுப் போக மாட்டார், சொல்லித்தரும் தன்னார்வலர் எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்க மாட்டார். கைப்பேசி எண் கேட்பதும் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்பதும் இங்கே கிடையாது என்று முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சாதாரணக் குரலில் சொல்லிவிட்டேன். யாரையும் குறிவைத்ததாக அது படவில்லை. உங்கள் நூலகத்தில் சிறுவர் பாதுகாப்பு விதிகள் ஏற்கெனவே இருந்தால் அதுவே இங்கேயும் செல்லும். முகம் தெரியும் படம் எடுப்பதானால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கிய பிறகுதான்.

அறிவிப்பை எங்கே ஒட்டுவது?

பெரியவர்களுக்கு: செய்தித்தாள் படிக்கும் மேசைக்கு எதிரே, உட்கார்ந்திருப்பவர் கண்மட்டத்தில். கையில் கொடுக்கும் தாள் என்றால் எழுத்து 16 அல்லது 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. பிள்ளைகளுக்குச் சுவரொட்டி மட்டும் போதாது. முதல் வாரம் வந்த நான்கு பேரில் மூவர், ஏற்கெனவே நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண் சொல்லி வந்தவர்கள். அந்த மாதிரி ஒருவரைப் பிடித்து நேரில் சொல்லுங்கள்.

பரிசு, புள்ளிப்பட்டியல் எல்லாம் வைக்கலாமா?

வேண்டாம். வைத்தால் ஜெயிக்கிறவர்கள் மட்டும் வருவார்கள்.

'முதலில் ஆறு வாரங்கள்' என்று ஏன் எழுதினீர்கள்? நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கிறதே.

'இனி ஒவ்வொரு வாரமும்' என்று எழுதிவிட்டு மூன்றாம் வாரம் நிறுத்தினால் அடுத்த அறிவிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். ஆறு என்று எழுதியிருந்தால் ஆறையும் நடத்திவிட முடியும், வருகிறவருக்கும் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியும். பிள்ளைகளின் தேர்வுக்காலம் அந்த ஆறு வாரத்துக்குள் விழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட இரண்டாம் முறை வந்தவர் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு நோட்டில் வாரத் தேதி, பக்கத்தில் இரண்டு தரப்புக்கும் இரண்டு பத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, மறுபடி வந்தவருக்கு வட்டம். பெயர் தேவையில்லை. எங்களுக்கு மூன்றாம் வாரம் கோடுகள் குறைந்திருந்தன, ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சுற்றி வட்டம் இருந்தது, அதனால் அறிவிப்பைத் தொடாமல் விட்டோம். கோடுகள் நிறைய, வட்டம் இல்லை என்றால் அறிவிப்பு சரியாக இருக்கிறது, கோளாறு மேசையில். ஒரு பத்தியில் மட்டும் வட்டம் இல்லை என்றால் உட்காரவைத்த விதத்தைப் பாருங்கள்.

ஒரு வாரம் நடத்த முடியாமல் போனால்?

முந்தைய வியாழனே மேசையில் நேரில் சொல்லிவிடுங்கள், சுவரொட்டியின் மேலும் குறுக்கே ஒரு பட்டையாக 'இந்த வாரம் இல்லை, அடுத்த வியாழன் உண்டு' என்று தேதியோடு ஒட்டுங்கள். நடக்காத வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பட்டையைக் கிழித்துவிட மறக்காதீர்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். மறுவாரம் இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு வாசலிலிருந்தே திரும்பிப் போயிருக்கிறார்கள்.